நடைமேடை வரை சாய்தளம்... அதற்குப் பிறகு?

இரவு எட்டே முக்கால் மணி. தமிழ்நாட்டின் பெரிய ரயில் நிலையம் ஒன்று. விரைவு ரயில் மெல்ல ஊர்ந்து வந்து நிற்கிறது. பெட்டி எண்களைத் தேடி ஆட்கள் இரு பக்கமும் ஓடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு சக்கர நாற்காலி. அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவருடைய தம்பி இரண்டு போர்ட்டர்களிடம் கூலி பேசி முடித்துவிட்டார். இப்போது ஏற்ற வேண்டும்.

“அக்கா, கழுத்தைச் சுத்திக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க” என்கிறார் மூத்த போர்ட்டர். ஒருவர் அக்குளுக்குக் கீழே கை கொடுக்கிறார், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே. தம்பி முன்னே ஏறி வாசலில் நின்றவர்களை விலக்குகிறார். பின்னால் பெட்டியோடு நிற்கும் ஒருவர், “சீக்கிரம் ஏறுங்க, வண்டி எடுத்துடுவான்” என்கிறார். அந்தப் பெண் ஒரு கையால் போர்ட்டரின் தோளையும் இன்னொரு கையால் சேலையையும் பிடித்துக்கொள்கிறார். மூன்று படி, ஒரு திருப்பம், குறுகலான நடைவழி, கீழ் பெர்த். சக்கர நாற்காலி மடிக்கப்பட்டுக் கழிவறைப் பக்கம் சாய்த்து வைக்கப்படுகிறது.

சாய்தளம், லிஃப்ட் எல்லாம் இருக்கிறதே என்று கேட்டபோது அவர் சொன்னார்: “பிளாட்ஃபாரம் வரைக்கும் நானே வந்துடுவேன் தம்பி. அதுக்கு மேலதான் நான் சாமான் ஆயிடுறேன். மதியத்துக்கு அப்புறம் தண்ணி குடிக்கலை. காலையில ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் குடிக்கவும் மாட்டேன்.”

கழிவறைக்குச் சக்கர நாற்காலி போகாது. அதனால்தான் தண்ணீர் இல்லை.

நிலையங்களில் சாய்தளம் கட்டினோம், லிஃப்ட் வைத்தோம் என்ற அறிவிப்புகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அவை பொய்யல்ல. ஆனால் அந்தப் பாதை ரயிலின் வாசலில் நின்றுவிடுகிறது. மீதமிருப்பது ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அதைத் தாண்ட இன்று கைவசம் இருப்பது பெரும்பாலும் மனிதத் தோள்கள்தான்.

அரை மீட்டரின் கணக்கு

இந்திய ரயில்வேயில் நடைமேடைகள் மூன்று வகை. தண்டவாள மட்டத்திலேயே இருப்பவை, நடுத்தர உயரம் கொண்டவை, உயர் நடைமேடைகள். பெரிய நிலையங்களில் இருப்பது மூன்றாம் வகை. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை இருக்கும். இன்று பெரும்பாலான விரைவு ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. பெட்டியின் தரையோ ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, மிக உயரமான நடைமேடையில் நின்றாலும் பெட்டியின் தரை 46 சென்டிமீட்டர் மேலே இருக்கும். நடுத்தர நடைமேடை என்றால் அது 85 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஒரு பொது விதி உண்டு: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அந்தக் கணக்கில் 46 சென்டிமீட்டர் ஏற ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பலகை வேண்டும். அதற்கு முன்னால் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமும் வேண்டும். தூண், கடை, இருக்கை, தண்ணீர்க் குழாய் எல்லாம் போக நடைமேடையின் குறுக்கே அந்த ஏழு மீட்டர் எத்தனை இடங்களில் கிடைக்கும்?

எனவே நடைமுறையில் வருவது இரண்டு மீட்டர் பலகைதான். அதில் ஏற்றம் ஏறத்தாழ ஒன்றுக்கு நான்கு. எழுபது கிலோ எடையுள்ளவர் இருபது கிலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படியான சரிவில் அவரைத் தள்ள ஏழெட்டு கிலோ எடையைத் தூக்கும் பலம் போதும். இந்தப் பலகையில் இருபது கிலோவுக்கு மேல் வேண்டும். தள்ளுபவரின் கால் வழுக்கினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். நாற்காலி மட்டுமே நூறு கிலோவைத் தொடும் மின் சக்கர நாற்காலி என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

நடைமேடையையே உயர்த்திவிடலாமே என்ற கேள்வி எழும். அதே தண்டவாளத்தில் சரக்கு ரயில்களும் அகலமான பாரங்களும் போகின்றன. பெட்டிகளின் படிக்கட்டுகளுக்கும் நடைமேடை விளிம்புக்கும் இடைவெளி வேண்டும். புறநகர் ரயில்கள் மட்டும் ஓடும் பாதைகளில் இந்தச் சிக்கல் குறைவு. மும்பையில் நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் விழுந்து பலர் உறுப்புகளை இழந்த பிறகு, நீதிமன்றத்தின் அழுத்தத்தில் புறநகர் நடைமேடைகளை 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். தொலைதூர ரயில்கள் நிற்கும் நடைமேடைகளில் அந்த வழி எளிதல்ல. அங்கே தேவைப்படுவது ஏற்றும் கருவி, இல்லையென்றால் தரை தாழ்ந்த பெட்டி.

> பெட்டிச் செய்தி: உயரங்கள் ஒரு பார்வையில்
>
> உயர் நடைமேடை: 760 – 840 மி.மீ.
>
> நடுத்தர நடைமேடை: சுமார் 455 மி.மீ. வரை
>
> எல்.எச்.பி. பெட்டியின் தரை: சுமார் 1,300 மி.மீ.
>
> இங்கிலாந்தில் நடைமேடையின் பொது அளவு: 915 மி.மீ.
>
> ஜப்பானின் ஷின்கான்சென் நடைமேடை: சுமார் 1,250 மி.மீ. ரயிலின் தரையோடு ஏறக்குறைய சமம்

முந்நூறு மீட்டரில் இரண்டு உலகங்கள்

சென்னை சென்ட்ரலுக்குப் போனால் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். நிலத்தடியில் மெட்ரோ நிலையம். அங்கே ரயிலின் தரையும் நடைமேடையும் ஏறத்தாழ ஒரே மட்டம். பெட்டிக்குள் சக்கர நாற்காலி நிற்கத் தனி இடம் இருக்கிறது. டிக்கெட் வாயிலில் ஒன்று அகலமானது. நாற்காலியைத் தானே உருட்டும் பழக்கமுள்ளவர் யாரையும் கேட்காமல் ஏறி, யாரையும் கேட்காமல் இறங்கி, லிஃப்ட்டில் மேலே வந்துவிடலாம். 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் பாதையோடு தொடங்கிய சென்னை மெட்ரோ, நிலையமும் ரயிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று முதலிலேயே வரைந்து கட்டப்பட்டது. பலன் கண்முன்னே தெரிகிறது.

அங்கிருந்து சாலையைத் தாண்டினால் சென்ட்ரல் ரயில் நிலையம். அது பாதைகள் வந்து முடியும் நிலையம். அதனால் பெரும்பாலான நடைமேடைகளுக்குப் பாலம் ஏறாமல் சமதளத்திலேயே போகலாம். சக்கர நாற்காலிக்கு இதைவிடத் தோதான பெரிய நிலையத்தைக் காண்பது அரிது. ஆனாலும் ரயில் வாசலுக்கு வந்ததும் அதே 46 சென்டிமீட்டர் எழுந்து நிற்கிறது. மெட்ரோவில் தனியாக வந்தவருக்கு இங்கே மூன்று பேர் தேவை.

பாதைகள் ஊடுருவிச் செல்லும் நிலையங்களில் இன்னொரு தடையும் சேரும். நடைமேடை மாறியதாகக் கடைசி நேரத்தில் அறிவிப்பு வந்தால் மற்றவர்கள் படியேறி ஓடுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் லிஃப்ட்டைத் தேட வேண்டும். அது வேலை செய்ய வேண்டும், வரிசை இருக்கக் கூடாது, அப்புறம் மறுபக்கத்தில் தன் பெட்டி நிற்கும் இடத்துக்கு இருபது பெட்டி நீளமும் உருள வேண்டியிருக்கலாம். ரயில்வேயின் வசதிப் பட்டியலில் நுழைவாயில் சாய்தளம், தாழ்வான குடிநீர்க் குழாய், கழிவறை, வாகன நிறுத்தம் ஆகியவை குறுகிய கால வசதிகளாகவும், ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி நீண்ட கால வசதியாகவும் வகைப்படுத்தப்பட்டன. எதை முதலில் செய்தார்கள், எது காத்திருக்கிறது என்பது சிறிய நிலையங்களில் இன்றும் தெரிகிறது.

பெர்த் உண்டு, வழி இல்லை

மாற்றுத்திறனாளிகளுக்கு ரயிலில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு விதமான இடங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாவது, ரயிலின் முனையில் வரும் தனிப் பெட்டி. கார்டு அறையும் சரக்கு அறையும் இருக்கும் அதே பெட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதி அமைந்திருக்கும். வாசல் அகலம், கழிவறையும் அகலம், கைப்பிடிகள் உண்டு. சக்கர நாற்காலியை உள்ளே கொண்டு போகலாம். ஆனால் அது குளிர்சாதனம் இல்லாத இரண்டாம் வகுப்பு. ரயிலின் மற்ற பெட்டிகளோடு உள்வழி இல்லாததால் சாப்பாடு விற்பவர் அந்தப் பக்கம் வர மாட்டார், டி.டி.இ.யும் எளிதில் வந்துவிட முடியாது. கூட்ட நாட்களில் உரிமை இல்லாதவர்கள் ஏறி நிரப்பிவிடுவார்கள். குட்டையான நடைமேடை உள்ள ஊரில் அந்த முனைப் பெட்டி நடைமேடைக்கு வெளியே, ஜல்லிக்கு மேலே நிற்பதும் உண்டு. இரவில் ஒரு பெண் அதில் தனியாகப் போக நினைப்பாரா?

இரண்டாவது, சாதாரண பெட்டிகளில் ஒதுக்கப்படும் பெர்த்துகள். படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணச் சலுகையும் உண்டு: படுக்கை வகுப்பிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் முக்கால் பங்கு, இரண்டாம் ஏ.சி.யிலும் முதல் ஏ.சி.யிலும் பாதி. ஆனால் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் வாசலும் நடைவழியும் கழிவறைக் கதவும் பழைய அளவுதான். சக்கர நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அதில் வந்தவர் பெர்த் வரை தூக்கிச் செல்லப்பட வேண்டும். இரவு முழுவதும் அவர் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு எளிதில் ஆளாகும் முதுகுத்தண்டு பாதிப்புள்ளவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, மருத்துவ ஆபத்து.

சலுகை விதியில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. உடல் இயக்கக் குறைபாடு உள்ளவருக்கான சலுகை, துணையில்லாமல் பயணம் செய்ய இயலாதவர் என்று சான்று பெற்றவருக்கே. துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை உண்டு. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதிதான். ஆனால் நிலையமும் ரயிலும் செய்ய வேண்டிய வேலை, இதன் வழியாக ஒரு தம்பிக்கோ கணவருக்கோ அம்மாவுக்கோ கைமாறிவிடுகிறது. துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் வேலைக்கான நேர்காணலும் இல்லை, தேர்வும் இல்லை, தோழியின் கல்யாணமும் இல்லை.

வந்தே பாரத் ரயிலில் இரு முனைப் பெட்டிகளிலும் சக்கர நாற்காலிக்கு இடமும் அகலமான கழிவறையும் வைத்தார்கள். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பிறந்த ரயில் அது. உள்ளே நுழைந்துவிட்டால் பயணம் கண்ணியமாக இருக்கும். அதன் தரையும் நடைமேடைக்கு மேலேதான் இருக்கிறது என்பதால், நுழைவதற்கு இன்னும் ஒரு கருவி தேவைப்படுகிறது.

தூக்கும் கைகள்

தூக்கிச் செல்லப்படுவதில் இன்னொரு காயமும் உண்டு. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் விராலி மோடி. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் அவர், ரயிலில் தன்னைத் தூக்கி ஏற்றிய ஆட்கள் தகாத முறையில் தொட்டதைச் சொல்லி, ரயில்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்கக் கோரி 2017-இல் மனு இயக்கம் நடத்தினார். லட்சக்கணக்கானோர் ஆதரித்தனர். அதைத் தொடர்ந்து கேரளத்தின் எர்ணாகுளம் உள்ளிட்ட நிலையங்களில் இரண்டு எளிய பொருட்கள் வந்தன. ஒன்று, மடக்கி எடுத்துச் செல்லும் சாய்தளப் பலகை. மற்றொன்று, பெட்டியின் நடைவழிக்குள் போகும் அளவுக்கு ஒடுக்கமான, மடக்கக்கூடிய சக்கர நாற்காலி.

இந்த இரண்டாவது பொருளின் அருமை பலருக்குத் தெரியாது. விமானத்தில் இருக்கை வரை கொண்டுவிட இதைப் போன்ற ஒடுக்கமான நாற்காலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பயணி வாசலில் ஒருமுறை அதற்கு மாறினால் போதும். பெர்த் வரை யாரும் அவர் உடலைச் சுமக்க வேண்டியதில்லை. ரயிலோடு அது பயணம் செய்தால் இரவில் கழிவறை வரையும் போகலாம். புதுப் பெட்டிகளுக்குக் காத்திராமல், இருக்கும் பெட்டிகளிலேயே இதைச் செய்ய முடியும்.

ஆனால் பொருள் வாங்குவதோடு வேலை முடியாது. பலகை எந்த அறையில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம், இரவுப் பணியில் இருப்பவருக்கு அதை விரிக்கத் தெரியுமா, இந்த ரயிலுக்கு அது தேவை என்று அவருக்கு யார் சொல்வார்கள்? இங்கேதான் முன்பதிவு வருகிறது.

ஒரு பதிவு, இரண்டு நிலையங்கள்

நம் ஊரில் இப்போது உதவி கேட்கும் முறை துண்டு துண்டாக இருக்கிறது. டிக்கெட் ஒரு இடத்தில். சக்கர நாற்காலி கேட்பது ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலோ உதவி மையத்திலோ. போர்ட்டரிடம் கூலி பேசுவது நம் பொறுப்பு. பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலியையும் உதவியாளரையும் முன்கூட்டியே கேட்க, யாத்ரி மித்ரா என்ற சேவை 2016-இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் நிலையத்துக்குள் கொண்டுபோய் விடும் சேவை. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் டிக்கெட் எடுத்தவுடன், எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்தப் பெர்த், எங்கே இறங்குகிறார் என்பதெல்லாம் ரயில்வேயின் கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அவர் இறங்கும் ஊரில் பலகையோடு ஒருவர் நிற்பார் என்பதற்கு அந்த டிக்கெட் உத்தரவாதம் இல்லை.

இறங்குவதுதான் ஏறுவதைவிடப் பதற்றமானது. கிளம்பும் நிலையத்தில் ரயில் அரை மணி நேரம் நிற்கும். வழியில் பல ஊர்களில் நிற்பது இரண்டே நிமிடம். விடியற்காலை நான்கு மணிக்கு அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒருவரைத் தூக்கி, நாற்காலியை இறக்கி, பெட்டிகளையும் இறக்க வேண்டும். இதற்குப் பயந்தே பலர் தங்கள் ஊரை விட்டு, ரயில் முடியும் ஊரில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்துத் திரும்பி வருகிறார்கள். சலுகையில் மிச்சமான பணம் கார் வாடகையில் போய்விடுகிறது.

இங்கிலாந்தில் ஒரே அழைப்பிலோ செயலியிலோ பயணம் முழுவதற்கும் உதவியைப் பதிவு செய்யலாம். ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றிருந்த அவகாசம் படிப்படியாகக் குறைந்து, 2022 முதல் இரண்டு மணி நேரம் ஆனது. ஏறும் இடத்தில் பலகை போடுபவர், இறங்கும் இடத்தில் பலகை போடுபவர், நடுவில் ரயில் மாறும் இடம் எல்லாமே ஒரே பதிவில் அடங்கும்.

அங்கேயும் அது தவறுகிறது. 2024 ஆகஸ்ட் இறுதி. பாராலிம்பிக்கில் 11 தங்கம் வென்றவரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான டானி கிரே-தாம்சன், பாரிஸ் பாராலிம்பிக் போட்டிக்குப் போகும் வழியில் லீட்ஸிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு ரயிலில் வந்தார். பதிவு செய்திருந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருந்தார். லீட்ஸில் ஊழியர்கள் ஏற்றிவிட்டார்கள். லண்டனில் யாரும் வரவில்லை. எல்லோரும் இறங்கிப்போன பெட்டியில் காத்திருந்து பார்த்தவர், கடைசியில் தன் சாமான்களைத் தள்ளிவிட்டுத் தரையில் ஊர்ந்து இறங்கினார். ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

என்ன தவறியது என்று பாருங்கள். பலகை இருந்தது, ஆள் இருந்தார்கள், பதிவு முறை இருந்தது. ரயில் மாறியபோது, “இன்ன ரயிலில், இன்ன பெட்டியில் ஒருவர் வருகிறார்” என்ற ஒரு தகவல் முன்னே போய்ச் சேரவில்லை. ஜப்பானில் இந்தத் தகவல்தான் உதவியின் உயிர். பயணியை ஏற்றிவிட்ட ஊழியர், இறங்கும் நிலையத்தைக் கூப்பிட்டுப் பெட்டி எண்ணையும் கதவையும் சொல்லிவிடுவார். ரயில் நிற்கும்போது அந்தக் கதவின் எதிரே பலகையோடு ஒருவர் தயாராக இருப்பார்.

இங்கிலாந்திலேயே சில பாதைகளில் இன்னொரு விடை கிடைத்திருக்கிறது. கிழக்கு இங்கிலாந்திலும் லிவர்பூல் பகுதியிலும் நடைமேடை மட்டத்துக்குத் தாழ்ந்த தரையும், கதவு திறக்கும்போது நீளும் பலகையும் கொண்ட புது ரயில்களை ஓட்டுகிறார்கள். அங்கே யாரையும் கூப்பிட வேண்டிய தேவையே குறைகிறது. சென்னை மெட்ரோ தருவதும் இதே சுதந்திரம்தான்.

> பெட்டிச் செய்தி: பயணத்துக்கு முன்
>
> ரயில்வேயின் சலுகை அடையாள அட்டையைக் கோட்ட அலுவலகம் வழியாகப் பெற்றுக்கொண்டால், ஒதுக்கீட்டு டிக்கெட்டை இணையத்திலேயே எடுக்கலாம்.
>
> நிலையத்தில் கேட்க வேண்டியது “லிஃப்ட் இருக்கிறதா?” என்று மட்டுமல்ல. “இன்று ஓடுகிறதா? மடக்குப் பலகை எங்கே, யார் பொறுப்பில்?” என்றும் கேளுங்கள்.
>
> இறங்கும் நிலையத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். ரயில் கிளம்பிய பிறகு 139-ஐ அழைத்து, பெட்டி எண்ணோடு மறுபடியும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
>
> தனிப் பெட்டியில் உரிமையில்லாதவர்கள் இடத்தைப் பிடித்திருந்தால் அதே 139-இல் புகார் செய்யலாம். ஒதுக்கப்பட்ட இடத்தை விட மறுப்பது ரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவின்படி குற்றம்.

சட்டம் சொல்வதும் விட்டுவைப்பதும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, எல்லாப் போக்குவரத்து முறைகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களை மாற்றியமைப்பதும் அதில் அடங்கும். ஆனால் கூடவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: தொழில்நுட்ப அளவில் இயலும் இடத்தில், பாதுகாப்பாகவும் பொருளாதார அளவில் கட்டுப்படியாகவும், பெரிய கட்டமைப்பு மாற்றம் இல்லாமலும் செய்தால் போதும். ரயில் பெட்டியின் உயரத்தைக் காரணம் காட்டி வெளியேற அந்தக் கதவு போதும்.

இத்தகைய நெகிழ்வுக்கு எதிராக 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. பார்வையற்றவரான ரதூரி, பொது இடங்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் உரிமை கேட்டு 2005-இல் தொடுத்த வழக்கு அது. அணுகல் தொடர்பாக அரசு வெளியிட்டவை பெரும்பாலும் பரிந்துரைகளாகவே இருக்கின்றன, சட்டமோ கட்டாய விதிகளைக் கேட்கிறது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தப் பரிந்துரைகளுக்கு இடம் தந்த 15-ஆம் விதி சட்டத்துக்குப் புறம்பானது என்றும், விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அடிப்படைத் தரம் எது என்பதில்தான் ரயில் பயணிகளின் கவனம் இருக்க வேண்டும். “நிலையத்தில் சாய்தளம் உள்ளதா?” என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினால் கணக்கு முடிந்துவிடும் என்றால், மேலே சொன்ன 46 சென்டிமீட்டர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. சாலையிலிருந்து பெர்த் வரையிலும், பெர்த்திலிருந்து கழிவறை வரையிலும், அங்கிருந்து இறங்கும் ஊரின் சாலை வரையிலும் அளக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் படியில்லாத நிலையங்களை இரண்டு நிறக் குறிகளால் பிரித்துக் காட்டுகிறார்கள். ரயில் வரை படியில்லை என்பதற்கு நீலம், நடைமேடை வரைதான் என்பதற்கு வெள்ளை. நம் நிலையங்களுக்கும் அந்த நேர்மையான பிரிவினை வந்தால், எத்தனை நிலையங்கள் இன்னும் பாதி வழியில் நிற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் நீளமானதல்ல. நீண்டதூர ரயில் நிற்கும் பெரிய நிலையங்களில் பாதுகாப்பான ஏற்றுகருவியும் அதை இயக்கப் பழகிய ஊழியரும் வேண்டும். ரயிலில் ஒடுக்கமான நாற்காலி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளில் ஒன்றுக்காவது அகலமான வாசலும் கழிவறையும் வேண்டும். ஒதுக்கீட்டு டிக்கெட் பதிவானவுடன் ஏறும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் வேலை உத்தரவு போக வேண்டும். ரயில் தாமதமானாலோ நடைமேடை மாறினாலோ அந்த உத்தரவும் கூடவே மாற வேண்டும். ஆள் வராவிட்டால் யார் பதில் சொல்வார் என்று பொறுப்பு அதிகாரியின் பதவி அதில் எழுதியிருக்க வேண்டும். இவற்றில் கடைசி மூன்றுக்குப் புதுப் பெட்டியோ சிமெண்டோ தேவையில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் தகவலை உரியவரிடம் சேர்த்தால் போதும். அதை ரயில்வே நாளைக்கே தொடங்கலாம், தொடங்க வேண்டும்.